இடையில் நின்று மறுபடி வந்தால்? மாதவிடாயான ஹைளு, பேறுகால இரத்தமான நிஃபாஸ் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ரமலான் முதல் நாளே ஹைளு வந்தது. 5 நாளில் நின்றதும் குளித்துத் தொழுதேன், 4 நோன்பும் வைத்தேன். 10-ம் நாள் மறுபடி வந்து 12-ம் நாள் முடிவில்தான் நின்றது. அந்த மூன்று நாளும் தொழவில்லை. என் 4 நோன்பு சேருமா? நான் ஷாஃபிஈ.

பதில்: சேராது சகோதரி. அதற்காக நீங்கள் நோன்பு வைத்தது தப்பு என்று ஆகிவிடாது. நின்றதைக் கண்டால் குளித்துத் தொழ வேண்டும், நோன்பு வைக்க வேண்டும், மறுபடி வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளு அதிகபட்சம் 15 நாள். அதற்குள் திரும்ப வந்துவிட்டால், நடுவில் சுத்தமாக இருந்த நாட்களும் ஹைளுதான் என்பதே வலுவான சொல். ஆகவே 12 நாளும் ஹைளு, 12 நோன்பையும் பிறகு வைத்துக் களாச் செய்யுங்கள். தொழுகைக்குக் களா இல்லை. ஆயிஷா நாயகியிடம் ஒரு பெண் இதைத்தான் கேட்டார். நோன்பைக் களாச் செய்ய ஏவப்பட்டோம், தொழுகையைக் களாச் செய்ய ஏவப்படவில்லை என்றார்கள்.

கேள்வி: ஆலிமா, என் ஓரகத்திக்கும் இதே கணக்குதான் ஆனது, ஆனால் நாங்கள் ஹனஃபி. 8 நோன்பு போதும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மத்ஹப் மாறினால் 4 நோன்பு குறையுமா?

பதில்: நோன்பு குறையும், ஆனால் தொழுகை ஏறும்! ஹனஃபியில் மேல் எல்லை 10 நாள்தான். இரண்டு இரத்தத்துக்கு நடுவில் 15 நாள் இடைவெளி இல்லையென்றால், எல்லாம் ஒரே தொடர்ச்சி என்று கணக்கு. இங்கே அது 12 நாளைத் தொட்டுவிட்டது. 10-ஐத் தாண்டினால் அவரவர் வழமைக்குத் திரும்ப வேண்டும். அவருக்கு மாதாமாதம் 5 நாள்தான் வழமை என்றால், முதல் 5 நாள் மட்டும் ஹைளு, மீதி தொழுகையையும் நோன்பையும் தடுக்காத இஸ்திஹாளா இரத்தம். நடுவில் வைத்த 4 நோன்பும் கூடிவிட்டது. முதல் 5, கடைசி 3, ஆக 8 நோன்பு களா. கடைசி 3 நாளில் விட்ட 15 வக்துத் தொழுகையும், 3 வித்ரும் களா.

10-ம் நாள் அவர் தொழாமல் இருந்தது சரிதான், எல்லை தாண்டும் என்று அப்போது தெரியாதே. 10 நாள் முழுதாக முடிந்த நேரத்தில், இரத்தம் வந்துகொண்டிருந்தாலும், குளித்துத் தொழ ஆரம்பித்திருக்க வேண்டும். இரத்தம் தொடங்கிய மணி நேரத்தைக் குறித்துவைக்காததால்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கலே வருகிறது.

கேள்வி: பிள்ளை பெற்றவள் 40 நாள் கழித்துத்தான் தொழ வேண்டும், அதுதானே சட்டம்? என் மருமகள் 18-ம் நாளே குளித்துவிட்டுத் தொழுகிறாள்.

பதில்: உங்கள் மருமகள் செய்வதுதான் சரி உம்மா. 40 என்பது ஹனஃபியில் நிஃபாஸின் மேல் எல்லை, ஷாஃபிஈயில் மேல் எல்லை 60. இரண்டிலுமே கீழ் எல்லை கிடையாது. 18-ம் நாள் நின்றால் அன்றே குளிப்பு, அன்றே தொழுகை. இரத்தம் நின்ற பிறகும் 40 வரை இருந்தால் அத்தனை தொழுகையும் கடனாகத் தலையில் ஏறும். நின்றதா என்று சந்தேகமாக இருந்தால் பஞ்சு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சில் மஞ்சள் நிறம் தெரிந்தால் குளிக்க அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: 18-ல் நின்று 30-ல் மறுபடி வந்தால்? அது புது ஹைளா?

பதில்: இடைவெளி 12 நாள்தானே, இரண்டு மத்ஹபிலும் நிஃபாஸ்தான். அதுவே 34-ல் வந்திருந்தால் இடைவெளி 15-ஐத் தாண்டிவிடும். அப்போது ஷாஃபிஈயில் ஹைளு, இமாம் அபூஹனீஃபாவிடம் 40-க்குள் என்பதால் நிஃபாஸ்.

கேள்வி: ஹஜ்ஜில் ஹைளு வந்தால் தவாஃப் இல்லாமலே ஊர் திரும்பலாம் என்று ஸஃபிய்யா நாயகி ஹதீஸ் இருக்கிறதே. என் மனைவி நடுவில் நின்றபோது குளித்துத் தவாஃப் செய்தார், மறுநாளே திரும்ப வந்தது. இரண்டு நாளில் விமானம். விட்டுவிடலாமா?

பதில்: அந்த ஹதீஸ் விடைபெறும் தவாஃபுக்கு. ஸஃபிய்யா நாயகி இஃபாளா தவாஃபை முன்பே முடித்திருந்தார்கள், அதனால்தான் கிளம்ப அனுமதி கிடைத்தது. உங்கள் மனைவி செய்தது இஃபாளாவா என்று முதலில் கேளுங்கள். இஃபாளா ஹஜ்ஜின் ருக்னு, அதை விட முடியாது.

இஃபாளாதான் என்றால், முதல் பதிலில் சொன்ன வலுவான சொல்படி அது ஹைளில் செய்ததாகிவிடும், கூடாது. ஆனால் நடுவில் சுத்தமான நாள் சுத்தம்தான் என்று ஷாஃபிஈ மத்ஹபிலேயே இன்னொரு சொல் இருக்கிறது. காத்திருக்க வழியில்லாத ஹாஜிக்கு அதை எடுத்துக்கொடுக்கும் ஆலிம்கள் உண்டு. ஹனஃபியில் ஹைளில் செய்த தவாஃபும் நிறைவேறிவிடும், ஆனால் பாவம், ஒரு ஒட்டகம் அல்லது மாடு பலி கடமை. சுத்தமாகித் திரும்பச் செய்தால் அந்தப் பலி விழுந்துவிடும். எனக்கு அந்த இன்னொரு ஷாஃபிஈ சொல்லை எடுத்துக்கொள்வதில் தயக்கம் இல்லை, என் ஆசிரியை ஒப்புக்கொள்ள மாட்டார். பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், அப்புறம் உங்கள் குழுவின் ஆலிமிடம் நாள், மணி எல்லாம் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மாத்திரை போட்டு வராமல் நிறுத்தினால்?

பதில்: வராத வரை சுத்தம்தான். தவாஃபும் நோன்பும் கூடும். மாத்திரையையும் மீறித் திட்டுத்திட்டாகப் பட்டால் அந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு வாருங்கள், மேலே சொன்ன கணக்கே அதற்கும்.