சாம்பிள் ஒண்ணு, சரக்கு வேற ஒண்ணு: வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: வெளிநாட்டு ஃபேக்டரி ஒண்ணுல சாம்பிள் கேட்டேன். சாம்பிளுக்கும் காசு, கூரியருக்கும் காசுன்னு சொல்றாங்க. ஏமாத்துக்காரங்களா?

இல்ல, ஃப்ரீன்னு சொல்றவன்கிட்டதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். காசு குடுங்க, ஆர்டர் போட்டா அந்தத் தொகையை கழிச்சுக்கறோம்னு இன்வாய்ஸ்லயே எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி: சுடுதண்ணி ஃப்ளாஸ்க் பாட்டில், 500 மில்லி, ஸ்டீல். ரெண்டு சாம்பிள் வந்துச்சு, அருமையா இருக்கு. ஒண்ணை வீட்டுல யூஸ் பண்றோம், இன்னொண்ணை மச்சானுக்கு குடுத்துட்டேன். 500 பீஸ் ஆர்டர் போடலாம்னு இருக்கேன். சரக்கு இதே மாதிரி வரும்னு எப்படி உறுதி பண்றது?

மச்சான்கிட்ட இருந்து அதை இன்னைக்கே வாங்கி வந்துடுங்க. சும்மா சொல்லல.

இதுல எனக்கு ஒரு பழைய கடுப்பு இருக்கு, சொல்லிடறேன். முதல் தடவை இம்போர்ட் பண்றவங்க எல்லாரும் சாம்பிளை "பொருள் நல்லாருக்கா" ன்னு பாக்கத்தான் வாங்கறாங்க. அதுக்கு மட்டும் இல்லங்க அது. நாளைக்கு சரக்கு மாறி வந்தா "இதைத்தான் நான் ஆர்டர் பண்ணேன்" னு மேஜையில வைக்க உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்த சாம்பிள்தான். அதனால குறைஞ்சது மூணு வாங்கணும். ஒண்ணு வெட்டிப் பாத்து சோதிக்க. ஒண்ணை கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல தேதி போட்டு கையெழுத்து போட்டு நீங்க வச்சுக்கணும். மூணாவதை அதே மாதிரி சீல் பண்ணி ஃபேக்டரிக்கு திருப்பி அனுப்பணும். கோல்டன் சாம்பிள்னு இதைத்தான் சொல்றாங்க. யாரோ ஒருத்தர் கேட்லாக்ல இருந்து எடுத்து அனுப்பின பீஸ் கோல்டன் சாம்பிள் ஆகாது. உங்க கலர், உங்க லோகோ, உங்க பெட்டி எல்லாம் போட்டு பண்ணிக் காட்டுற ப்ரீ-ப்ரொடக்ஷன் சாம்பிளைத்தான் சீல் பண்ணணும்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஒரு டேபிள் லேம்ப்ல. சாம்பிள் வந்தப்ப அடிப்பாகம் கல்லு மாதிரி கனமா இருந்துச்சு, லேம்ப்போட கையை எவ்வளவு நீட்டினாலும் அசையல, சந்தோஷமா 200 போட்டேன். வந்த சரக்கைப் பாத்தா அதே கலர், அதே ஷேப், ஆனா கையை முழுசா நீட்டினா லேம்ப் மெதுவா மூக்கு குப்புற சாயுது. அடியில ஒட்டியிருந்த ஃபெல்ட்டை பிச்சுப் பாத்தேன், உள்ள இருக்கவேண்டிய இரும்புத் தகடு காணோம், வெறும் ப்ளாஸ்டிக் கூடு. ஃபேக்டரிகிட்ட கேட்டா "எடை பத்தி ஆர்டர்ல எதுவும் இல்லையே" ங்கறான், உண்மையும் அதுதான், நான் எழுதல. ஒரு வருஷம் அதை வித்தேன், விக்கறப்பல்லாம் வெக்கமா இருந்துச்சு.

அதனால உங்க ஃப்ளாஸ்க்குக்கு என்னென்ன எழுதணும்னா, முதல்ல மூடி இல்லாம எடை, கிராம்ல, கூடக்குறைய எவ்வளவு ஒத்துக்குவீங்கங்கறதோட. தகடு மெலிசாச்சுன்னா தராசுல தெரிஞ்சுடும், தராசை விட மலிவான இன்ஸ்பெக்டர் கிடையாது. அடுத்தது ஸ்டீல் கிரேடு. உள் சுவர் 304, வெளிச் சுவர் என்னன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதணும், ஏன்னா "304 ஸ்டீல்" னு சொல்லிட்டு உள்ள மட்டும் 304, வெளிய 201 போடறது ரொம்ப சகஜம். 201ல நிக்கல் கம்மி, மாங்கனீஸ் ஜாஸ்தி, சீக்கிரம் துரு பிடிக்கும். இங்க எல்லாரும் காந்தத்தை எடுத்துட்டு வந்துடறாங்க. காந்தம் இதுக்கு உதவாது, 201, 304 ரெண்டுமே சாதாரணமா ஒட்டாது, அழுத்தி இழுத்து ஷேப் பண்ண இடத்துல மட்டும் ரெண்டுமே லேசா ஒட்டும். மாங்கனீஸ் சோதிக்கிற டெஸ்ட் சொட்டு விட்டா 201 சிவப்பாகும், இல்லன்னா ஒரு லேப்ல குடுங்க. அதுக்குத்தான் ஒண்ணை வெட்டச் சொன்னேன்.

ரெண்டு சுவருக்கும் நடுவுல காத்து இல்லாம வேக்கூம் இருக்கான்னு பாக்க மெஷினே வேண்டாம். கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி, பத்து நிமிஷம் கழிச்சு உடம்பை கையால தடவிப் பாருங்க. கழுத்துகிட்ட கொஞ்சம் சூடு இருக்கும், அது சரி. வயித்துப் பகுதி சுட்டா வேக்கூம் போச்சு, அது ஃப்ளாஸ்க் இல்ல, வெறும் பாட்டில். அப்புறம் தண்ணியோட தலைகீழா கவுத்து டிஷ்யூ மேல விடுங்க, ஒழுகுதான்னு தெரியும். ஆறு மணி நேரம் கழிச்சு உள்ள எவ்வளவு டிகிரி இருக்குன்னு உங்க சாம்பிள்ல அளந்து, அந்த எண்ணையே ஆர்டர்ல போடுங்க.

இப்ப சரக்கு ரெடியானதும் என்ன பண்றது. 500ஐயும் யாரும் பாக்க மாட்டாங்க, ஐஎஸ்ஓ 2859-1னு ஒரு டேபிள் இருக்கு, இன்ஸ்பெக்ஷன் ஆளுங்க எல்லாம் அதைத்தான் வச்சிருப்பாங்க. 500 பீஸுக்கு ஜெனரல் லெவல் 2ல 50 பீஸ் எடுக்கணும். பெரிய குறை, அதாவது ஒழுகுறது, வேக்கூம் இல்லாதது மாதிரி, எவ்வளவு குறை வரைக்கும் ஒத்துக்கலாம்ங்கற அளவை, ஏக்யூஎல்லை, 2.5னு வச்சா 50ல 3 வரைக்கும் பாஸ், 4 வந்தா ஃபெயில். சின்னக் கீறல், லோகோ லேசா கோணல், இதெல்லாம் 4.0ன்னு வச்சா 5 வரைக்கும் பாஸ், 6ல ஃபெயில். கைய கிழிக்கிற விளிம்பு மாதிரி ஆபத்தான குறைக்கு பூஜ்யம்தான். எது பெருசு எது சின்னதுங்கறதை முன்னாடியே எழுதிக் குடுக்கணும், பார்த்த பிறகு பேசினா சண்டைதான்.

பாஸ் ஆனா குறையே இல்லாத சரக்குன்னு அர்த்தம் இல்ல, அதையும் புரிஞ்சுக்கோங்க. 500ல பத்துப் பன்னிரண்டு ஒழுகற பாட்டில் இருந்தாலும் பாஸ் ஆகிடலாம். ஸ்பேர் எவ்வளவு தருவான்னு ஆர்டர் போடும்போதே பேசுங்க.

இன்ஸ்பெக்ஷனுக்கு நீங்களும் இல்லாம ஃபேக்டரியும் இல்லாம மூணாவது கம்பெனி ஆளுங்க இருக்காங்க, நாள் கணக்குல காசு வாங்கிட்டு வருவாங்க. எல்லாம் செஞ்சு முடிச்சு, 80 சதவீதமாவது பேக் ஆன பிறகு வரச் சொல்லுங்க, பாதி செஞ்சப்ப வந்தா மீதிப் பாதி யாருக்கும் தெரியாது. எந்த கார்ட்டனைத் திறக்கணும்னு அவர்தான் சொல்லணும், "இந்தா சார், இதைப் பாருங்க" ன்னு ஃபேக்டரி நகர்த்தி வைக்கிற கார்ட்டனை அல்ல. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பாக்கி 70 சதவீதம். அட்வான்ஸ் 30. இது மாறக்கூடாது.

கேள்வி: முழுத்தொகையும் முன்னாடியே குடுத்தா 5% டிஸ்கவுண்ட்னாங்க, குடுத்துட்டேன். சரக்குல கால்வாசி உடைஞ்சிருக்கு. இன்ஸ்பெக்ஷன் பண்ணல. இப்ப பதிலே இல்ல. என்ன பண்ணலாம்?

அந்த 5 சதவீதத்துக்கு நீங்க என்ன வித்தீங்கன்னு இப்ப தெரிஞ்சிருக்கும், உங்க கையில இருந்த ஒரே பிடியை. கோவமா இருந்தா மன்னிச்சுக்கோங்க, ஆனா இந்த மாதிரி லெட்டர் வாராவாரம் வருது, கையெழுத்து மட்டும் மாறுது. பெட்டி திறக்கறப்பவே வீடியோ எடுத்திருந்தா, ஆர்டர் போட்ட சைட் மூலமா பேமென்ட் பண்ணியிருந்தா, குறிப்பிட்ட நாளுக்குள்ள அங்க டிஸ்ப்யூட் போடுங்க. நேரடியா பேங்க்ல போட்டிருந்தா பேசித்தான் அடுத்த ஆர்டர்ல கழிக்க வைக்கணும், அவங்க மனசு வச்சா உண்டு. உடைஞ்சது வழியிலன்னா இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தீங்களான்னு பாருங்க.

கேள்வி: ஆறு மாசமா பேசின ஃபேக்டரி. பேலன்ஸ் கட்டற நேரம் "எங்க அக்கவுண்ட் ஆடிட்ல இருக்கு, இந்த புது அக்கவுண்ட்ல போடுங்க" ன்னு அவங்க மெயில்லயே வந்துச்சு. போட்டேன். அவங்க வரலைங்கறாங்க. நான் அவ்வளவு முட்டாளா?

இல்லங்க. யார் வேணாலும் விழுந்திருப்பாங்க. பழைய மெயில் சங்கிலிக்குள்ளயே, உங்க இன்வாய்ஸ் நம்பரோட, சரியான நேரத்துல வந்திருக்கு, அது தற்செயல் இல்ல, யாரோ அந்த மெயில்பாக்ஸை (அவங்களோடதோ உங்களோடதோ) படிச்சுக்கிட்டு காத்துட்டு இருந்திருக்காங்க. இப்ப உடனே பேங்க்குக்கு போன் பண்ணி, மோசடின்னு சொல்லி, ட்ரான்ஸ்ஃபரை ரீகால் பண்ணச் சொல்லுங்க, எழுத்துலயும் குடுங்க. முதல் ஓரிரு நாளுக்குள்ள பணம் இன்னும் அங்கயே இருந்தா நிறுத்த வாய்ப்பு இருக்கு, அதனால இதைப் படிச்சு முடிக்காட்டியும் பரவாயில்ல, போன் முதல்ல. போலீஸ் சைபர் பிரிவுல புகார், ரெண்டு பேரோட மெயில் பாஸ்வேர்டும் மாத்தணும். அந்த மெயிலோட முழு ஹெடரையும் அழிக்காம வச்சுக்கோங்க.

மத்தவங்களுக்கு: அக்கவுண்ட் மாறுதுன்னா, முன்னாடியே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்கு வீடியோ கால் போட்டு, முகத்தைப் பாத்துக் கேளுங்க. புது மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல.

கேள்வி: பொம்மை சாம்பிள் 4 கிலோதான், கூரியர்காரன் 12 கிலோவுக்கு பில் போட்டிருக்கான்!

அவன் தப்பு பண்ணல. பெட்டி 50 × 40 × 30 செ.மீ. ன்னு எழுதியிருக்கீங்க, பெருக்கி 5000ஆல வகுங்க, 12 வரும். கூரியர் எடையும் பாப்பான், அடைக்கிற இடத்தையும் பாப்பான், எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் காசு. பொம்மையைப் பைக்குள்ள காத்து எடுத்து அமுக்கி அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: ஃபேக்டரி விலை 100, நான் விக்கப்போறது 200. பாதிக்குப் பாதி லாபம்தானே? முதல்ல 50 பீஸ் எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?

இல்ல. கணக்குக்கு 500 பீஸ்னு வைங்க. 100ல கப்பல் பங்கு 20 ஏறும், 120 ஆச்சு. பல நாடுகள்ல சுங்க வரி இந்த மொத்தத்து மேல போடுவாங்க, 10 சதவீதம்னா 12. துறைமுகம், க்ளியரிங், லாரி எல்லாம் 18ன்னு வைங்க, 150. சாம்பிள், இன்ஸ்பெக்ஷன், உடைஞ்சது எல்லாம் சேத்து ஒரு 8. கடைக்கு வர்றப்பவே 158. இதுல விற்பனை வரி, ஆன்லைன் கமிஷன், திரும்பி வர்ற சரக்கு எதுவும் இல்ல. 200ல மிச்சம் என்னன்னு நீங்களே பாருங்க.

இதே கணக்கை 50 பீஸுக்குப் போட்டா இன்னும் மோசம். கப்பல்ல சில்லறையா, எல்சிஎல்ல போனா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் பொதுவா குறைஞ்சபட்சம் ஒரு கன மீட்டர் கட்டணம் வாங்கிடுவாங்க, க்ளியரிங் ஏஜென்ட் ஃபீஸ் 50க்கும் 500க்கும் ஒண்ணுதான். ஒரு பீஸுக்கு 18ன்னு வச்ச அந்தச் செலவு 180 வரைக்கும் போயிடும். அதனால ரெண்டு வழிதான். ஒண்ணு, 50ஐ கூரியர்ல கொண்டு வந்து நஷ்டத்துலயே வித்து, ஆளுங்க வாங்கறாங்களான்னு மட்டும் பாருங்க, அதை டெஸ்ட் செலவுன்னு எழுதுங்க. இல்ல, பெட்டிங்க ஒரு கன மீட்டரை நிரப்பற அளவு ஆர்டர் போடுங்க. உங்க பெட்டி அளவைக் கேட்டு கணக்கு போடறதுக்கு முன்னாடி சுங்கத்துல பொருளை வகை பிரிக்கிற நம்பரான ஹெச்எஸ் கோடையும் ஏஜென்ட்கிட்ட கேளுங்க. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒண்ணுதான், மீதி உங்க நாட்டோடது, வரி அதுலதான் இருக்கு.

கேள்வி: பெரிய பிராண்ட் ஷூ, அதே லோகோ, பத்துல ஒரு பங்கு விலைக்கு குடுக்கறாங்க. சாம்பிள் சொல்லலாமா?

வேண்டாம். சுங்கத்துல பிடிச்சா சரக்கை அழிச்சுடுவாங்க, வழக்கு உங்க பேர்ல.