பட்டா பெயர் மாறினால் நிலம் சட்டப்படி நமதாகிவிடுமா?

"பாலக்கோடு பக்கம் 3 ஏக்கர் கிரையம் வாங்கினேன். பட்டாவும் என் பெயருக்கு மாறிவிட்டது. இப்போது விற்றவரின் தங்கைகள் பங்கு கேட்கிறார்கள். பட்டா இருக்க அவர்களால் என்ன செய்ய முடியும்?"

அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அதைப் பட்டாவால் தடுக்க முடியாது. பட்டா என்பது தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவு மட்டுமே. வட்டாட்சியர் கிரையப் பத்திரத்தைப் பார்த்துப் பெயரை மாற்றுவாரே தவிர, விற்றவருக்கு முழு உரிமை இருந்ததா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. பெயர் மாற்றம் உரிமையை உருவாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறிவிட்டது.

நிலம் தந்தையின் சுயசம்பாத்தியம், அவர் உயில் எழுதாமல் இறந்தார், தாயும் உயிரோடில்லை, வாரிசுகள் ஒரு மகனும் இரண்டு மகள்களும் என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு 1 ஏக்கர். அண்ணன் தன் பெயரில் மட்டும் பட்டா வாங்கி 3 ஏக்கரையும் விற்றிருந்தாலும், தங்கைகள் விடுதலைப் பத்திரம் எழுதித் தராத வரை, உங்களுக்கு வந்து சேர்ந்தது அவருடைய 1 ஏக்கர் பங்குதான். தன்னிடம் இல்லாததை அவர் விற்க முடியாது.

வில்லங்கச் சான்றில் இது தெரிந்திருக்காது, ஏனெனில் வாரிசுரிமையாய் வரும் பங்குக்குப் பத்திரப்பதிவே கிடையாது. தந்தையின் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விடுபட்ட பெயர்கள் தெரியும். இப்போதைக்குத் தங்கைகளிடம் விலை பேசி அவர்கள் பங்குக்குத் தனிக் கிரையம் பெறுவதே வழக்கைவிட மலிவு என்பது என் கருத்து.