மொட்டை மாடிக்குக் கீழே வீடு: வெப்பத் தடுப்புத் திரை வாங்கலாமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறை 10-க்கு 12 அடி, மேற்கே ஒரு ஜன்னல். பகலைவிட ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குத்தான் அறை அதிகம் கொதிக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிறது. போன கோடையில் இரண்டு மாத ரீடிங் 640 யூனிட். வெள்ளிப் பூச்சுத் திரை போட்டால் எட்டு டிகிரி குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். அறையின் மூன்று பக்கத்துக்கும் தைத்து மாட்ட 9,000 ரூபாய். சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள், அறைக்குள் செடி வையுங்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதற்குக் காசு போடலாம்?

பதில்: திரையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ராத்திரியில்தான் அதிகம் கொதிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறையின் முதல் எதிரி ஜன்னல் அல்ல, தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம் என்பதற்கு அதுவே அடையாளம். நான்கைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, அந்தச் சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். ஜன்னல் வெயில் அப்படியில்லை. வந்த உடனே தெரியும், சூரியன் இறங்கியதும் போய்விடும்.

இதை உறுதி செய்துகொள்ளச் செலவு இல்லை. ஏ.சி. போடுவதற்கு முன்னால், இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் மேற்குச் சுவரையும் உள்சுவர் ஒன்றையும் தொட்டுப் பாருங்கள். மூன்றில் சீலிங்தான் சூடு என்றால் காசை மாடியில் போட வேண்டும். மேற்குச் சுவரும் அதே அளவு சூடாக இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கையை நம்பாதவர்களுக்கு அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது, ஆனால் இந்த ஒரு வேலைக்காக வாங்க வேண்டாம்.

வெறும் சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும். சிவப்புத் தட்டோடு பதித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் அறைக்கு மேலே 120 சதுர அடி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் அது கீழே விடும் வெப்பத்தைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் வாட் வரும். அதாவது இஸ்திரிப் பெட்டி ஒன்றை சீலிங்கில் தொங்கவிட்டு, ராத்திரி வரை அணைக்காமல் வைத்திருக்கிறீர்கள், ஏ.சி. அதோடு மல்லுக்கட்டுகிறது. வெள்ளை பூசிய தளம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் கீழே இறங்கும் வெப்பம் பாதிக்கும் குறைவாகும்.

பூச இரண்டு வழி உண்டு. ஒன்று சுண்ணாம்பு. சலித்த சுண்ணாம்போடு கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்டும் பசையும் கலந்து இரண்டு, மூன்று முறை அடிப்பது. பொருள் செலவு சில நூறு ரூபாய்தான், ஆனால் ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும். இன்னொன்று வெயிலைத் திருப்புவதற்கென்றே விற்கும் 'கூல் ரூஃப்' பெயிண்ட். இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் 20 முதல் 25 சதுர அடி வரை வரும். படுக்கையறைக்கு மேலே மட்டும் பூசினால் போதும் என்றாலும், சுற்றிலும் இரண்டு அடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தளத்தின் சூடு ஓரமாக ஊர்ந்து வரும். ஆக 14-க்கு 16 அடி, 224 சதுர அடி. பத்து லிட்டர் சரியாக இருக்கும். விலை கடைக்குக் கடை மாறும், கூலி இல்லாமல் மூன்று, நான்காயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 9,000 ரூபாயில் பாதிதான்.

கடையில் ஒன்று மட்டும் கேளுங்கள்: டப்பாவிலோ கையேட்டிலோ எஸ்.ஆர்.ஐ. எண் எவ்வளவு போட்டிருக்கிறது? வெயிலைத் திருப்பும் திறனையும், வாங்கிய சூட்டை வெளியே விடும் திறனையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. நல்ல வெள்ளைப் பூச்சுக்கு 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எண்ணே இல்லாமல் 'இத்தனை டிகிரி குறையும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த டப்பாவைப் பாருங்கள். அந்த டிகிரி பெரும்பாலும் மாடியின் மேற்பரப்பில் அளந்தது. வெயிலில் கிடக்கும் மேற்பரப்பில் பத்து, பதினைந்து டிகிரி குறைவது உண்மைதான். அறைக்குள் அது இரண்டு முதல் நான்கு டிகிரியாகத்தான் வந்து சேரும். அதே பெயிண்டில் சாம்பல், செங்கல் நிறங்களையும் காட்டுவார்கள், வெள்ளையையே எடுங்கள்.

பூச்சு வீணாவது பெரும்பாலும் ஈரத்தால்தான். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகே முதல் கோட் அடிக்க வேண்டும். டேங்க் வழிந்து நனைகிற இடத்திலும், மழைநீர் தேங்குகிற பள்ளத்திலும் ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரியும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். சென்னைக்குப் பிப்ரவரிதான் தோதான மாதம். தூசு படிந்தால் வெள்ளையின் பலன் குறையும், ஆகையால் வருடத்துக்கு ஒருமுறையாவது கோடை தொடங்குமுன் கழுவிவிடுங்கள். மாடி எல்லோருக்கும் பொது என்பதால் வீட்டுக்காரரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நீர்க்கசிவையும் தடுக்கும் வெள்ளைப் பூச்சு என்றால் வீட்டுக்காரர் பாதிச் செலவுக்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஜன்னல். திரை உள்ளே இருக்கிறது, வெயில் கண்ணாடியைத் தாண்டித்தான் அதன்மேல் விழுகிறது. வெள்ளிப் பூச்சு கொஞ்சம் திருப்பி அனுப்பும். மீதி திரையிலேயே தங்கி அறைக்குள்தான் சூடாகப் பரவும். வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள நல்ல திரை, ஜன்னல் வழி வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலே பெரிது. அதே ஜன்னலுக்கு வெளியே நிழல் விழும்படி மூங்கில் தட்டியோ பச்சை நிழல் வலையோ கட்டினால் மேற்கு வெயிலில் முக்கால் பங்கைக்கூடத் தடுக்கலாம். வலையைக் கண்ணாடியோடு ஒட்டாமல், கிரில்லுக்கு வெளியே ஓர் அரை அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பகல் ஒரு மணிக்கு இறக்கி, சூரியன் மறைந்ததும் சுருட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மாலைக் காற்றையும் அதுவே மறித்துவிடும். மூன்றாவது மாடியில் காற்று வேகமாக அடிக்கும் என்பதால் கீழ் மூலைகளையும் கட்டிவையுங்கள். வெளியே எதுவும் கட்டக் கூடாது என்று சங்கம் மறுத்தால் மட்டும் திரைக்குப் போங்கள். அப்போதும் அறையின் மூன்று பக்கத்துக்கும் தைக்க வேண்டியதில்லை, அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் போதும். எட்டு டிகிரி என்று கடைக்காரர் சொன்னதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

அறைக்குள் சுவருக்கு வெளிர் நிறம் அடிப்பது அழகுக்கு நல்லது. பகலில் விளக்கு போடத் தேவை குறையும். வெப்பத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை, ஏனென்றால் வெயில் படுவது சுவரின் வெளிப்பக்கத்தில். கட்டடத்துக்கு அடுத்த முறை வெளிப்பூச்சு அடிக்கும்போது மேற்குச் சுவருக்கு வெளிர் நிறம் கேளுங்கள், அதில் பலன் உண்டு.

அறைக்குள் செடி வைத்தால் குளிரும் என்பதை மறந்துவிடலாம். நான்கைந்து தொட்டிச் செடி விடும் ஈரம் அறையைக் குளிர்விக்கப் போதாது. சென்னையின் புழுக்கத்தில் கூடுதல் ஈரம் உபத்திரவம்தான், அதையும் ஏ.சி.தான் உறிஞ்ச வேண்டும். செடி வேலை செய்வது வெளியே, நிழலாக. மேற்கு கிரில்லில் சங்குப்பூ, பாகல், கோவை என்று கொடி ஏற்றினால் நிழல் வலைக்கு ஈடாகும். ஆனால் ஏப்ரலில் விதைத்தால் இலை அடர்வதற்குள் கோடை முடிந்துவிடும்; ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். மாடியில் தொட்டிகளைப் பரப்பிக் குளிர்விக்கலாம் என்று நினைத்தால், ஈரமண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ வரும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அறை முழுக்க நிழல் தரும் அளவுக்குத் தொட்டி என்றால் அந்த எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அது வெள்ளைப் பூச்சைவிட லாபமாகத் தெரியவில்லை.

காசில்லாமல் செய்யக்கூடியது சாமான்களை இடம் மாற்றுவது. கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில் இருந்தால் ராத்திரி முழுக்கச் சுவரின் சூடு உங்கள் தலைமேல் அடிக்கும். கட்டிலை உள்சுவருக்கு நகர்த்தி, மேற்குச் சுவரோரம் மர அலமாரியை வையுங்கள். அது சுவருக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். பின்னால் மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. இரும்பு பீரோ இதற்கு உதவாது, சூட்டை அப்படியே வாங்கி அறைக்குள் விடும். ஏ.சி. காற்று நேராக அலமாரியில் மோதாமல் கட்டில் பக்கம் போகிறதா என்பதையும் பாருங்கள். உயரக் கட்டில் இருந்தால் இந்த இரண்டு மாதம் தாழ்வான இடத்தில் படுப்பது மேல், ஏனென்றால் சூடான காற்று சீலிங்கை ஒட்டியே நிற்கும்.

இரவில் ஏ.சி. போடுவதற்கு முன், வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ச்சி என்று தோன்றினால், ஒரு டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்துத் திருப்பி வைத்து, அறைக் கதவைத் திறந்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். தேங்கிய வெப்பக்காற்று வெளியேறிய பிறகு ஜன்னலை மூடி, ஏ.சி.யை 26-ல் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழல விடுங்கள்.

பில் கணக்கு இது. உங்கள் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் இரண்டரை மணி நேரம் குறைந்தால் இரண்டு மாதத்தில் 150 யூனிட். 640 என்பது 490 ஆகும். நம் மின்கட்டண அடுக்கில் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் போய்விடும் என்பதால், மிச்சம் அந்த 150 யூனிட்டோடு நிற்காது. பூசுவதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் இரவு ஒன்பது மணிக்குச் சுவர் வெப்பமானியையும், காலையில் மீட்டரையும் குறித்து வையுங்கள். வெளியே வெயில் ஒரேமாதிரி இருந்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்பது மணி வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை என்றால் மேற்குச் சுவரில்தான் கோளாறு. அப்போது அந்தச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடிப்பது பற்றிச் சங்கத்திடம் பேசுங்கள்.