குஞ்சு எந்த ராமநாதன்?

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா பள்ளத்தூரிலிருந்து பினாங்கில் இருந்த தம் மூன்று மகன்களுக்கும் எழுதிய கடிதங்களைத் தட்டச்சு செய்கிறேன். குழப்பம் வேண்டாமென்று செல்லப்பெயர்களை எடுத்துவிட்டு ஆவணப் பெயர்களை இட்டுவருகிறேன். விஜய வருஷம் தை மாதக் கடிதம் ஒன்று ‘சிரஞ்சீவி தம்பிக்கு’ என்று தொடங்கி, ‘குஞ்சு தவழ ஆரம்பித்துவிட்டான்’ என்கிறது. தலைப்பேரன்கள் மூவருக்குமே ராமநாதன் என்றுதான் பெயர். குஞ்சு யார்? உறைகளை இடம் அடைக்கிறதென்று கழித்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழுக்கு இக்கடிதங்கள் உதவுமா?

ஒரு வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சி,

சான்றிதழுக்கு உதவாது. பழைய பத்திரம் எதிலாவது ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று எழுதியிருந்தால் அதை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தட்டச்சு வேலையை இன்றே நிறுத்துங்கள். தலைப்பேரனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயரை இடுவது நம் வழக்கம். அந்தப் பெயர் அப்பத்தாவுக்குக் கணவர் பெயர், மருமகள்களுக்கு மாமனார் பெயர்; அதை வாயால் சொல்வதும் கையால் எழுதுவதும் அவர்களுக்கு ஆகாது. கூப்பிட வேறு பெயர் இல்லாமல் பிறந்ததுதான் ‘குஞ்சு’. கொஞ்சல் பிறகு வந்து சேர்ந்தது. அதை அழித்து ‘ராமநாதன்’ என்று நீங்கள் அடிக்கும்போது, அந்த அம்மாள் ஆயுள் முழுதும் உச்சரிக்காத சொல்லை அவர் வாயில் திணிக்கிறீர்கள். அதோடு, அவர் பிரித்துச் சொன்ன மூன்று பிள்ளைகளையும் ஒருவராக்கிவிடுகிறீர்கள். குழப்பத்தை நீக்குவது இப்படித்தானா?

எனக்கும் என் ஐயாவின் பெயர்தான். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் என் ஆத்தா ‘ராசு’ என்று தொடங்கி நாலு பக்கம் எழுதுவார். உறைமேல் வரவேண்டிய என் முழுப்பெயரை மட்டும் பக்கத்து வீட்டுக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து எழுதி வாங்குவார். உள்ளே ஆத்தாவின் கோணல் எழுத்து, வெளியே கணக்கப்பிள்ளையின் பேரேட்டு எழுத்து. ராசுவும் அந்த முழுப்பெயர்க்காரனும் ஒருவன்தான் என்பதற்கு அந்த உறையைத் தவிர எங்கள் வீட்டில் வேறு எழுத்துச் சாட்சி கிடையாது. அதைத்தான் இடம் அடைக்கிறதென்று நீங்கள் கழித்திருக்கிறீர்கள்.

விஜய வருஷத்துத் தை என்பது 1954 ஜனவரி, பிப்ரவரி. அப்போது தவழ ஆரம்பித்த பிள்ளை ஏழெட்டு மாதத்தான் என்று கொண்டால், 1953 மே, ஜூனை ஒட்டிப் பிறந்தவன். மூவரின் ஜாதகங்களையும் எடுத்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழை நம்பாதீர்கள். சேர்க்கைக்காக வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய காலம் அது. ஒரே வருஷத்தில் இருவர் பிறந்திருந்தால் ஜாதகமும் கைவிடும். அப்போது கடிதம் எந்த மகனுக்குப் போனது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பினாங்கில் இருப்பவனுக்கு ஊரிலுள்ள அவன் பிள்ளையின் சேதியைத்தான் முதலில் எழுதுவார்கள். ‘தம்பி’ என்று மூவரையுமே விளித்திருப்பார் என்பதால், அதையும் உறைதான் சொல்லும்.

கழித்த உறைகள் பழைய பேப்பர்காரரிடம் போகாமல் இருந்தால், அஞ்சல் முத்திரைத் தேதியைப் பார்த்து அந்தந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.