கேப்சைட்டபைன் மாத்திரையும் உரியும் உள்ளங்கையும்

“அம்மா பெருங்குடல் புற்றுநோய்க்குக் கேப்சைட்டபைன் சாப்பிடுகிறார். உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிகின்றன, நடக்கவே வலிக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா?”

வணக்கம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி வந்தால், தோல் தேறும்வரை மருந்தை நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் அளவைக் குறைத்து மீண்டும் தொடங்குவதே வழக்கம். விட்டுப்போன வேளைகளைப் பின்னர் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சிகிச்சை தடைபடுமோ என்று அஞ்சிப் பலர் வலியை மறைக்கிறார்கள். அதனால்தான் கொப்புளமும் புண்ணும் வருகின்றன.

சூடும் உராய்வும் இந்தத் தோலை மேலும் கெடுக்கும். ஆகவே சில வாரங்களுக்கு வெந்நீர்க் குளியலையும் நெடுநேரம் நடப்பதையும் அம்மா தவிர்க்கட்டும்; பாத்திரம் தேய்த்தல், துணி பிழிதல் ஆகிய வேலைகளை அவரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கைகால்களைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் வைத்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, 10 சதவீத யூரியா கிரீமை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெதுவாகப் பூசி, தளர்வான பருத்திக் காலுறை அணிவிக்கலாம். வெடித்த இடத்தில் யூரியா எரியும். அங்கே வாசலின் போதும். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம்.

காய்ச்சல், சீழ், கடும் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.