யோவாகிமின் பழைய பதிவைப் பார்த்து வாசிக்கலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் வெஸ்டர்ன் வயலின் கற்றுக்கொள்கிறாள். இசையமைப்பாளர் பிரம்ஸின் முதல் ஹங்கேரிய நடனத்தை ஒரு நிகழ்ச்சிக்காகத் தயார் செய்கிறாள். வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம் 1903-இல் வாசித்த பதிவை இணையத்தில் கேட்டோம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகிறார், விரலை அசைத்து ஸ்வரத்தை அதிர வைக்கும் வைப்ராட்டோ இருக்கிற மாதிரியே தெரியவில்லை, வேகமும் நிலையாக இல்லை. டீச்சர் "அப்படி வாசிக்காதே" என்கிறார். ஆனால் பிரம்ஸுக்கு நெருங்கிய நண்பர் யோவாகிம்தானே? யார் வழியில் போவது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை யோவாகிமின் தவறுகள் அல்ல. அவர் தலைமுறையில் நல்ல வாசிப்பு என்றால் அப்படித்தான் இருந்தது. டீச்சரும் தவறாகச் சொல்லவில்லை. அவர் பயின்ற முறை, யோவாகிமுக்குப் பிறகு வந்த முப்பது நாற்பது வருடங்களில் உருவானது. அதை உருவாக்கியதில் இசைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது புரிந்தால், எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று உங்கள் மகளே தீர்மானித்துவிடுவாள்.

அந்தத் தட்டைக் கேட்பதற்கு முன்னால் சில விஷயங்கள். பதிவின்போது யோவாகிமுக்கு வயது 72. அன்று மைக் கிடையாது. ஒரு பெரிய புனலின் வாய்க்கு மிக அருகில் நின்று வாசிக்க வேண்டும். ஒலியின் அதிர்வு ஒரு சவ்வைத் தள்ளும், சவ்வு ஊசியைத் தள்ளும், ஊசி மெழுகில் கோடு போடும். நடுவில் மின்சாரமே இல்லை. வயலினின் நாதத்தை வயலினாக ஆக்கும் மேல் அதிர்வுகளில் பெரும்பகுதி இந்த வழியில் தொலைந்துவிடும். மிக மெல்லிய வாசிப்பு ஊசியை எட்டவே எட்டாது. ஓங்கி வாசித்தால் கோடு சிதறும். ஆகவே அவருடைய நாதம் எப்படி இருந்தது, எவ்வளவு மெல்லிசாகவும் எவ்வளவு பலமாகவும் வாசித்தார் என்பதற்கெல்லாம் இந்தத் தட்டைச் சாட்சியாக வைக்கக் கூடாது. காலமும் சுருதியின் அசைவும் மட்டும் தட்டில் நன்றாகவே தங்கும். எங்கே இழுத்தார், எங்கே விரைந்தார், விரல் எங்கே வழுக்கியது என்பதை நம்பலாம்.

அதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நம்புங்கள். அன்றைய தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட ஒரு செமிடோன் ஏறிவிடும், வாசிப்பும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வேகமாகிவிடும். இந்த நடனம் ஜி மைனரில் இருக்கிறது. பியானோவிலோ டியூனரிலோ ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்கும் கோப்பு ஜி ஷார்ப் பக்கம் போயிருந்தால், அந்த வேகம் யோவாகிமுடையது இல்லை. அன்று எல்லோரும் ஒரே சுருதி வைத்துக்கொள்ளவில்லை என்பதால் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடலாம். திருத்துவதென்றால் சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும்படி திருத்த வேண்டும். வேகத்தை மட்டும் குறைத்தால் பிழை இன்னும் கூடும்.

இனி வைப்ராட்டோ. பதிவை இன்னொரு முறை கவனித்துக் கேட்டால் அது அடியோடு இல்லாமல் போகவில்லை என்று தெரியும். நீண்ட ஸ்வரங்கள் சிலவற்றில், அழுத்தம் தேவைப்படும் இடத்தில், ஒரு சின்ன அசைவு வரும், போகும். யோவாகிமுக்கு அது அலங்காரம். 1905-இல் அவரும் ஆண்ட்ரியாஸ் மோசரும் சேர்ந்து வெளியிட்ட வயலின் பாடநூலும் அளவாகப் பயன்படுத்தத்தான் சொல்கிறது. ரஷ்யாவில் வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸை வளர்த்த ஆசிரியர் லியோபோல்ட் ஆவரும் 1921-இல், விடாமல் வைப்ராட்டோ போடுவதை வன்மையாகக் கண்டித்து எழுதினார். ஆனால் ஹைஃபெட்ஸ் அதற்கு நாலு வருடம் முன்பே, 1917-இல் அமெரிக்காவில் தட்டுகள் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவற்றில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்வரத்திலும் வைப்ராட்டோ இருக்கிறது. ஆசிரியருக்கும் சீடருக்கும் நடுவே ஒரு தலைமுறையில் இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி வந்தது?

இசையியலாளர் மார்க் காட்ஸ் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். எனக்கு அதில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. புனலுக்கு முன்னால் வில்லை அழுத்தி ஒலியைக் கூட்ட வழியில்லை. இடது கையின் அசைவு, அழுத்தம் கூட்டாமலே ஸ்வரத்துக்கு ஒரு கனம் கொடுக்கும். அரங்கில் கண்ணை மூடுவது, சாய்வது, மூச்சு வாங்குவது என்று வாசிப்பவரின் உடம்பும் பேசும். தட்டில் அதெல்லாம் கிடையாது. முகம் தெரியாத ஒருவரை ஒலியை வைத்தே அடையாளம் காண வேண்டும், அதற்கு வைப்ராட்டோ உதவியது. போதாததற்கு, இம்மியளவு பிசகிய சுருதியையும் அது மூடிவிடும். தட்டில் அந்தப் பிசகு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கேட்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. இசைத்தட்டு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே வருடங்களில் எஃகு ஈ தந்தியும் பரவியது. க்ரைஸ்லர் போன்ற வயலின் கலைஞர்கள் தட்டுக் கொடுப்பதற்கு முன்பே தாராளமாக வைப்ராட்டோ போட்டவர்கள்தான். ஆனால் அந்தப் பாணியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது தட்டுதான்.

வழுக்கலின் கதை வேறு மாதிரி. நம் கர்நாடக இசையின் ஜாருவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அது உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. மேற்கில் அதற்குப் பெயர் போர்ட்டமென்டோ. மனிதக் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது போல விரல் தந்தியோடு போகும். அரங்கில் ஒருமுறை கேட்டால் அது அந்தக் கணத்தின் உணர்ச்சி. அதே வழுக்கலைத் தட்டில் இருபதாவது முறை அதே இடத்தில் கேட்கும்போது பழக்கதோஷம் போலத் தோன்ற ஆரம்பிக்கிறது. வாசிப்பவர்களும் தங்கள் தட்டை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டார்கள், கேட்டவர்கள் திருத்திக்கொண்டார்கள். 1930-களின் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் வழுக்கல் குறைந்துகொண்டே வருவது தெளிவாகத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அது பழங்காலத்து ரசனை என்றே ஆகிவிட்டது. உங்கள் டீச்சர் சொல்வது அந்தத் தீர்ப்பைத்தான்.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்றும் நடந்தது. "இந்த உருப்படி இப்படித்தான்" என்ற எண்ணம் இறுகியது. ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் வயலின் கன்செர்ட்டோவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1910-இல் அரங்கேறிய, ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஓடும் படைப்பு அது. 1916-இல் மேரி ஹால் வாசிக்க எல்கரே நடத்திப் பதிவு செய்தபோது தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம்தான் கொள்ளும். நான்கு பக்கம் கிடைத்தது. எல்கர் தன் படைப்பைத் தானே கால் மணி நேரத்துக்கு வெட்டினார். கடைசிப் பகுதியில் தந்திக்கூட்டம் மெல்ல மீட்டும் இடம் புனலில் விழாது என்பதால் அங்கே ஹார்ப்பும் சேர்த்தார். எழுதியவரே கருவிக்கேற்ப மாற்றலாம் என்று அன்று நினைத்தார், யாருக்கும் அது குற்றமாகப் படவில்லை. 1925-இல் மைக் வந்தது. 1932-இல் லண்டனின் அபி ரோட் ஸ்டூடியோவில் பதினாறு வயது மெனுஹின் வாசிக்க, அதே எல்கர் முழுப் படைப்பையும் வெட்டாமல் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அந்தக் கன்செர்ட்டோவை வாசித்த யாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க எழுத்துப் பிரதியோடு ஒரு ஒலிப் பிரதியும் இருந்தது. இசையமைப்பாளரின் கைபட்ட பிரதி என்பதால் அதை மீறுவதற்குத் தயக்கமும் வந்தது.

காந்த நாடா வந்ததும் வாசிப்புக்கும் பதிவுக்கும் இருந்த உறவே மாறியது. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், இசையமைப்பாளர் பாகின் ஏ மைனர் ஃப்யூகைப் பதிவு செய்தபோது ஆறாவது டேக் கனமாக, இழைத்து வாசித்ததாக இருந்தது. எட்டாவது துள்ளலாக இருந்தது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் சலிப்பாக இருந்தது. வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் முதலிலும் முடிவிலும் ஆறாவதையும் நடுவில் எட்டாவதையும் வெட்டி ஒட்டினார். அப்படி ஒரு வாசிப்பு எந்த அறையிலும் எப்போதும் நடக்கவில்லை. 1964-க்குப் பிறகு அவர் மேடைக்கே வரவில்லை. உங்கள் மகள் தினமும் கேட்கும் புதிய பதிவுகளில் பெரும்பாலானவை இப்படிப் பல டேக்குகளிலிருந்து சேர்த்தவை. யோவாகிமின் தட்டு ஒரே மூச்சில் வாசித்தது, ஒட்டு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் அந்த முதியவருக்கு அநியாயம் செய்கிறோம்.

பிரம்ஸே இதே நடனத்தைப் பியானோவில் வாசித்த ஒரு பதிவு இருக்கிறது. 1889 டிசம்பரில் வியன்னாவில் எடிசனின் ஆள் மெழுகு உருளையில் எடுத்தது. இரைச்சலில் பாதிக்கு மேல் கேட்காது. கேட்கிற இடங்களில் அவர் அச்சில் உள்ளபடியே வாசிக்கவில்லை என்பது தெரிகிறது. "நண்பர் வாசித்ததுதான் சரி" என்று உங்கள் மகள் யோவாகிமை வரிக்கு வரி நகல் எடுத்தாலும் அது பிரம்ஸ் காலத்து மனநிலை ஆகாது. அவர்கள் யாரும் ஒரு வாசிப்பை நகல் எடுக்க வேண்டிய மூலமாக நினைத்ததில்லை.

சரி, பயிற்சியில் என்ன செய்யலாம்? சுருதியும் விரல்சுத்தமும் டீச்சர் சொன்னபடியே இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தொடக்கத்தில் ஜி தந்தியில் வரும் முதல் வாக்கியத்தை வைப்ராட்டோவே இல்லாமல் வில்லால் மட்டும் பேச வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்றிரண்டு நீண்ட ஸ்வரங்களில் மட்டும் அதைச் சேர்க்கட்டும். வழுக்கலுக்கு இரண்டே இடம் போதும். யோவாகிமின் பள்ளியில் பெரும்பாலும் கிளம்பும் விரல்தான் தந்தியில் நகரும், போய்ச் சேர்ந்ததும் அடுத்த விரல் விழும். சேரும் விரலால் கீழிருந்து வழுக்குவது பின்னால் பரவிய பாணி. இரண்டும் கலந்தால் சினிமா வயலின் மாதிரி ஒலிக்கும், அதைத்தான் டீச்சர் வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். வேகத்தில் மட்டும் தாராளமாக இருக்கலாம். மெதுவாக விரிய வேண்டிய இடமும் விரைய வேண்டிய இடமும் எவை என்று பியானோ வாசிப்பவரோடு பேசி நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். குறித்த நோட்டை டீச்சரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். போட்டியோ தேர்வோ என்றால் இந்தச் சுதந்திரத்தில் பாதியைக் குறைத்துக்கொள்வது நல்லது, அங்கே நடுவர்களின் காது இன்றைய பதிவுகளில் பழகியது.

கடைசியாக, வீட்டில் போனில் பதிவு செய்யும்போது நடுவில் பிசகினாலும் நிறுத்தாமல் முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். உடனே கேட்க வேண்டாம், மறுநாள் ஒருமுறை கேட்டால் போதும். அன்றன்று திரும்பத் திரும்பக் கேட்டால், தட்டைக் கேட்டுப் பயந்த அந்தத் தலைமுறையைப் போல அவளும் வழுக்கலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வருவாள்.