தாய்ப்பூனையின் பசியும் நம்மிடம் சொல்லும் மியாவும்

கேள்வி: குட்டி போட்ட பூனை பசியில் கத்துவதற்கும் சாதாரணமாக மியாவ் என்பதற்கும் என்ன வித்தியாசம்? மனிதர்களிடம் பேச பூனைகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன?

நான் பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்து மாடிப்படிக்கு அடியில், பழைய மின்விசிறி வந்த ஓர் அட்டைப்பெட்டியில் ராணி என்ற தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. பல வருடங்களாகத் தெருப்பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறேன். அதனால் நீங்கள் கேட்டதை ராணியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ராணி குட்டிகளிடம் மியாவ் என்று சொல்வது அபூர்வம். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்காமலே ‘ப்ர்ர்ங்’ என்று ஒரு சின்ன ஒலி எழுப்பும். புறா குமுறுவதை வேகமாக்கி, கடைசியில் சுருதியை ஏற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. அது கேட்டதுமே தூங்கிக்கொண்டிருக்கும் குட்டிகள் தலையைத் தூக்கும். அதே ராணி என் சமையலறை ஜன்னலுக்கு வந்தால் வாயை நன்றாகத் திறந்து, ‘மி’யில் தொடங்கி மெல்ல மூடிக்கொண்டே ‘யாவ்’ என்று முடிக்கும். பூனை ஒலிகளை வாய் எப்படித் திறக்கிறது என்பதை வைத்துத்தான் மில்ட்ரெட் மோல்க் என்ற ஆய்வாளர் 1944-ல் வகை பிரித்தார். வாய் மூடி எழுப்புவது, திறந்து மூடுவது, இறுக்கமாகத் திறந்தே வைத்திருப்பது என்று மூன்று. உறுமலும் சீறலும் மூன்றாவது வகை. இன்றைக்கும் இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. சத்தத்தைக் கேட்பதோடு வாயையும் பாருங்கள்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது மிகக் குறைவு. சண்டைக்கும் இணை தேடவும் வேறு சத்தங்கள் இருக்கின்றன. மீதிப் பேச்சு வாசனையிலும் வாலிலும் நடந்துவிடுகிறது. மியாவ் என்பது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். குளிர்கிறது, பசிக்கிறது, தனியாக மாட்டிக்கொண்டேன் என்று அது கத்தினால் தாய் ஓடி வரும். பால் மறந்த பிறகு தாய் அதற்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது, அந்தக் குரலுக்கும் வேலை குறைகிறது. மனிதரோடு வாழும் பூனைக்கு மட்டும் பதில் சொல்ல நாம் இருக்கிறோம், ஆகவே அது அந்தக் குரலை விடுவதில்லை. ராணி நாலு குட்டிக்குத் தாய், ஆனால் என் ஜன்னலில் நிற்கும்போது அது குட்டியின் குரலில்தான் கேட்கிறது.

இனி எப்படிக் கற்கிறது என்பது. பூனை ஏதோ ஒரு சத்தம் போடுகிறது, நாம் ஏதோ செய்கிறோம். நாம் செய்தது அதற்குப் பிடித்திருந்தால் அந்தச் சத்தம் நிலைக்கிறது, இல்லாவிட்டால் உதிர்ந்துவிடுகிறது. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்பவன், மெதுவாகச் சொன்னால் காதில் விழாது. அதனால் என்னிடம் ராணி நீட்டி, கடைசியில் ஏற்றிக் கத்தும். இரண்டாம் மாடி கன்னடக்கார அக்காவிடம் போனால் சத்தமே கிடையாது. வாசலில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்து வாயை மட்டும் திறக்கும், சத்தம் வராது. அவருக்கு அதுவே போதும், மத்தி மீன் தலை வந்துவிடும். ஒரே பூனை, இரண்டு பேருக்கு இரண்டு விதம்.

அதனால்தான் முன்பின் தெரியாத பூனையின் மியாவைக் கேட்டு அர்த்தம் சொல்வது கடினம். 2003-ல் நிக்கோலஸ் நிக்காஸ்ட்ரோ, மைக்கேல் ஓரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உணவு கேட்பது, கதவு மூடியிருப்பது, கோபம் என ஐந்து சூழ்நிலைகளில் பதிவான மியாவ்களை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்தில் ஒன்று சரியாகும். கேட்டவர்கள் அதைவிடக் கொஞ்சம்தான் நன்றாகச் செய்தார்கள், பூனையோடு பழகியவர்கள் இன்னும் சற்று மேல். அதாவது எல்லாப் பூனைக்கும் பொதுவான அகராதி இல்லை, அந்த வீட்டுக்குள் உருவானதுதான் இருக்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்பும் அவர் குழுவினரும் 2009-ல் வெளியிட்டது. சில பூனைகள் சாப்பாடு கேட்கும்போது கத்தாமல் குர்குர் என்கின்றன. அந்தக் குர்குருக்குள் 380 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அழுகை ஒலி ஒளிந்திருக்கிறது. கைக்குழந்தையின் அழுகையும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் வருவதுதான். பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகக் கேட்டது. அந்த ஒலியை மட்டும் நீக்கிப் போட்டால் அவசரம் குறைந்துவிட்டது. எழுந்து போய் சாப்பாடு வைக்கும்வரை நம்மால் நிம்மதியாக இருக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

சரி, தாயின் பசி. அது பழக்கத்தால் வந்த கோரிக்கை இல்லை, உடம்பின் தேவை. பால் கொடுப்பது உச்சத்தில் இருக்கும் மூன்றாவது, நாலாவது வாரத்தில் தாய்ப்பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு உணவு வேண்டும். ஆனால் மியாவ் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் குரலை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். நிறைய வைத்துப் பாருங்கள். பசியென்றால் குனிந்த தலை நிமிராமல் தட்டைக் காலி செய்துவிட்டு நேராகக் குட்டியிடம் போகும். பழக்கமென்றால் இரண்டு வாய் தின்றுவிட்டு உங்கள் காலில் உரசும்.

இன்னும் உறுதியான சாட்சி சமையலறைத் தராசு. குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட 100 கிராம் இருக்கும், அப்புறம் தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். தாய் வெளியே போயிருக்கும் நேரத்தில் ஒரு கிண்ணத்தில் துணி போட்டு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். ராணியின் குட்டிகளில் சாம்பல் நிறத்தது மட்டும் எடை ஏறாமல் நின்றது, அதுவே ஓயாமல் கத்திக்கொண்டும் இருந்தது. மற்றவை பால் குடித்துவிட்டு அமைதியாகத் தூங்கின. ராணிக்குப் பால் இருக்கிறது, இந்தக் குட்டிக்குத்தான் காம்பு கிடைக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. ராணி வந்து படுத்ததும் சாம்பலை முதலில் பின்பக்கக் காம்பில் விட்டோம். எடை மெல்ல ஏறியது. நாலும் மெலிந்து நாலும் கத்தினால்தான் தாய்க்குப் போதவில்லை என்று பொருள்.

தாய்க்குப் பசும்பால் வைக்காதீர்கள், பல பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கு. வேகவைத்த கோழி, முட்டை, மீன், முடிந்தால் குட்டிப்பூனைக்கான உலர் தீவனம் போதும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

நள்ளிரவில் கத்தினால் உடனே எழுந்து வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு வைக்கலாம், தவறில்லை. மற்ற பூனைக்கு ஒரு நாள் வைத்து ஒரு நாள் விட்டால் அது இன்னும் பிடிவாதமாகக் கத்தக் கற்றுக்கொள்ளும். அடியோடு நிறுத்தினாலும் முதலில் சத்தம் கூடும், பிறகுதான் குறையும். நடுவில் மனம் இளகி வைத்தால், அந்த உரத்த சத்தமே புதிய வழக்கமாகிவிடும்.

ஒரு நிலையை மட்டும் பசியென்று நினைத்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் பூனை நிலைகொள்ளாமல் கத்தி, மூச்சிரைத்து, விறைத்த கால்களோடு நடந்து, உடம்பு வெட்டி நடுங்கினால் அது இரத்தத்தில் கால்சியம் குறைந்த அறிகுறி. சாப்பாடு வைத்து, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட வேண்டும், அதுவரை குட்டிகளைப் பால் குடிக்க விடாமல் தனியே வையுங்கள்.